தெளிவில்லை என்று போட்ட குறி

ஜெசிந்தா மேரிக்கு மெஷின் மேல் கோபம் கிடையாது. அது பாவம், கேட்டதை எழுதுகிறது; கேட்காததையும் எழுதுகிறது. கோபமெல்லாம் அது எழுதியதை அப்படியே நம்புகிற மனிதர்கள் மேல்தான்.

வில்லியனூர் கடைத்தெருவில் கோவிந்தராஜ் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் அவளுக்கு ஒரு மேசை. கோவிந்தராஜின் மகன் நரேஷ் நடத்தும் சின்னத் தொழில் அது. கூட்டம், விசாரணை, பயிற்சி வகுப்பு என்று எங்கே யார் பேசினாலும் அந்த ஒலிப்பதிவு இங்கே வரும். மெஷின் இருபது நிமிடத்தில் அதை எழுத்தாக்கிக் கொட்டிவிடும். அதை ஒலியோடு ஒத்துப்பார்த்துத் திருத்துவது ஜெசிந்தாவின் வேலை. திருத்திய பிறகுதான் சுருக்கம். அதையும் மெஷின்தான் போடும். அதையும் அவள்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

"மெஷினே எழுதிடுது, நீ எதுக்குடி சம்பளம் வாங்குற?" என்று கோயிலில் கேட்பவர்களுக்கு அவள் ஒரே ஒரு கதையைச் சொல்வாள். ஏரியிலிருந்து எண்ணூறு கனஅடி திறந்துவிட்டதாக ஒருவர் பேசினார். மெஷின் எண்ணூறு கண்ணாடி என்று எழுதியது. திருத்தாமல் சுருக்கம் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளத்தில் எண்ணூறு கண்ணாடிகள் சேதம் என்று ஒழுங்கான தமிழில் வந்து நின்றது. கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஜெசிந்தா சிரிக்க மாட்டாள். மூலத்தில் இருக்கும்வரை பிழை பிழையாகக் கண்ணில் குத்தும், சுருக்கத்துக்குள் போய்விட்டால் அது குளித்து, தலைசீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டுவிடும், அப்புறம் யாராலும் அடையாளம் காண முடியாது என்பாள்.

இந்த வேலைக்கு வருமுன் பத்தொன்பது வருடம் புதுச்சேரியில் ஒரு நொத்தேர் அலுவலகத்தில் டைப் அடித்தவள். பத்திரம் பதிகிற அந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கம் ஒன்று மிச்சம் இருந்தது. ஒரு சொல் தப்பாகிவிட்டால் சுரண்டக் கூடாது, மை பூசி மறைக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. அடியிலுள்ள சொல் படிக்கத் தெரிய வேண்டும். பத்திரத்தின் கடைசியில், இதில் இத்தனை சொற்கள் அடிக்கப்பட்டன என்று எண்ணி எழுதி, அடித்தவர் சுருக்கொப்பம் இட வேண்டும். அலுவலகம் மூடிப்போனது. பழக்கம் அவளை விடவில்லை. மெஷின் கொடுத்த மூலத்தைத் தொடாமல் தனியாக வைத்துவிடுவாள். நகலில் மட்டும் கை வைப்பாள். கடைசியில் ஒரு திருத்தப் பட்டியல்: எத்தனையாவது மணி, எத்தனையாவது நிமிடம், எந்தச் சொல் எதுவாக மாறியது, ஏன். அடியில் ஜெ.மே.

"இதை யாருக்கா படிக்கப்போறாங்க?" என்பான் நரேஷ்.

"படிக்க வாணாம்பா. இருக்கணும்."

அந்த வருட மழையில்தான் அவளுடைய தம்பி டோமினிக் போனான். செலியமேட்டுக்கு அப்பால் ஆலந்தாங்கலில் பெண்கட்டி அங்கேயே தங்கிவிட்டவன். நாலு மாடு வைத்திருந்தான். மாட்டுக்கொட்டகை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில். ஏரியின் மதகு திறந்துவிட்ட விடியற்காலையில் மாடுகளை அவிழ்த்துவிடப் போனான். மாடுகளில் மூன்று கரையேறின. அவனை மறுநாள் மாலை மூங்கில் புதரில் எடுத்தார்கள்.

செத்ததைவிட மோசமாக ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. தண்ணீர் திறக்குமுன்பே ஆட்டோவில் மைக் வைத்து ஊரெல்லாம் சொன்னார்கள், அதைக் கேட்டும் மாட்டாசையில் போய் விழுந்தான் என்று பேச்சு பரவிவிட்டது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. அடக்கத்துக்கு வந்தவர்களே கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று அதைத்தான் பேசினார்கள். ஒன்பதாவது படிக்கும் டோமினிக்கின் மகளிடம் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண், "உங்கப்பா ஏன்டி சொன்னா கேக்கல?" என்று கேட்டுவிட்டாள். பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதையே கேட்டது. டோமினிக்கின் மனைவி ஆரோக்கிய செல்வி அன்று காலையில் மழைச் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் எப்போது எழுந்து போனான் என்பதே அவளுக்குத் தெரியாது. சொன்னதைக் கேட்காமல் போனானே என்ற கோபம் அவளுக்குள்ளும் தங்கிவிட்டது.

மூன்று மாதம் கழித்து மதகு திறந்ததைப் பற்றி அரசாங்க விசாரணை நடந்தது. பாகூரில் ஒரு கூடத்தில் வைத்துப் பதினான்கு பேரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். பழைய மின்விசிறிகள், கசகசப்பு, ஒரே ஒரு மைக். அன்று ஜெசிந்தாவும் செல்வியும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதி பேர் பேசியது காதிலேயே விழவில்லை. ஐந்து மணி நேர ஒலிப்பதிவு மறுநாள் காலை நரேஷின் மாடிக்கு வந்தது.

"இத வேற யார்கிட்டயாச்சும் குடு நரேஷு. செத்தது என் தம்பி. நான் இதுல கை வைக்கக் கூடாது" என்றாள் ஜெசிந்தா.

"தெரியும்கா. ஆனா யார் இருக்காங்க? நாளைக்கு மத்தியானம் குடுக்கணும். மதகுக்கும் மதுவுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஆளு இங்க நீங்க ஒருத்தர்தான்."

"அப்போ விசாரணை அதிகாரிக்கு ஃபோன் போட்டு நான் யாருன்னு சொல்லிடு. அவுரு சரின்னா செய்யுறேன்."

நரேஷ் ஃபோன் செய்தான். திருத்தப் பட்டியல் கூடவே வருமென்றால் சரி என்றார் அதிகாரி. இன்னொரு நிபந்தனையை ஜெசிந்தாவே போட்டாள். நேரமும் எண்ணும் வருகிற இடங்களை நரேஷின் தங்கை கார்த்திகாவும் கேட்க வேண்டும். எழுத்தைப் பார்க்காமல், ஒலியை மட்டும் கேட்டு, காதில் விழுந்ததைத் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். எழுதியதைப் பார்த்துக்கொண்டே கேட்டால், எழுதியிருப்பதுதான் காதில் விழும்.

வேலையை எப்போதும் போலத் தொடங்கினாள். முதலில் வருகைப் பதிவேட்டிலிருந்து பதினான்கு பெயர்களையும் கையால் எழுதிக்கொண்டாள். அடுத்து இந்த விசாரணையில் வரக்கூடிய சொற்கள்: மதகு, அதைத் திறந்து மூடும் ஷட்டர், உபரிநீர் வழியும் கலங்கல், கனஅடி, வாய்க்கால். மெஷின் பல இடங்களில் ஷட்டரைச் சட்டை என்றும், கலங்கலைக் கலக்கல் என்றும், வூட்டை ஊது என்றும் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றிவிட வசதி உண்டு. அவள் அதைத் தொடவே மாட்டாள். யாராவது ஒருவர் நிஜமாகவே சட்டையைப் பற்றிப் பேசியிருப்பார். அன்றும் பேசியிருந்தார், வெள்ளத்தில் மிதந்த ஒரு நீலச் சட்டையைப் பற்றி. நீலச் சட்டை டோமினிக்குடையது.

எண்களைத் தனியாக ஒரு சுற்று கேட்டாள். பெயர் தப்பானால் பார்த்தவுடன் தெரியும். ஐம்பது ஒன்பதானால் தெரியாது, இரண்டும் ஒழுங்கான எண்ணாகவே நிற்கும். அதனால் சரியாகத் தெரிகிற எண்ணையும் அவள் கேட்காமல் விடுவதில்லை.

இரண்டாம் மணி பதினான்காம் நிமிடத்தில் இளநிலைப் பொறியாளர் புகழ்வேந்தன் பேசினார். ஏரிக்குப் பொறுப்பு அவர்தான். மெஷின் எழுதியிருந்தது: "ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடியே நாலு மணிக்கே மைக் செல்வன் சொன்னோம்." மைக் செல்வன் என்று பதிவேட்டில் யாரும் இல்லை. ஜெசிந்தா ஒலியைப் பின்னால் தள்ளிக் கேட்டாள். "மைக்குல சொல்லச் சொன்னோம்." அது சரியாகிவிட்டது. நாலு மணி? மறுபடி கேட்டாள். நாலு. வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். நாலேதான். தண்ணீர் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிவிட்டு, நிதானமாகச் சொல்கிறார். நாலு மணிக்கே.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆலந்தாங்கலில் மைக் சத்தம் வந்தபோது விடிந்திருந்தது என்று செல்வியின் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை. இந்த மனிதர் சொன்னது மட்டும் எழுத்தில் ஏறும். எழுத்திலிருந்து சுருக்கத்தில் ஏறும். டோமினிக் மாட்டாசையில் செத்தான் என்பது அரசாங்கக் காகிதத்தில் உட்கார்ந்துவிடும்.

நாலை ஆறாக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவு துணிச்சலான பொய்க்காரி இல்லை அவள். அதைவிடச் சின்னதாக ஒன்று செய்தாள். உண்மையாகவே புரியாத இடங்களில் போடுவதற்கென்று ஒரு குறி வைத்திருந்தாள். நாலை அழித்துவிட்டு அந்தக் குறியை அங்கே போட்டாள். [தெளிவில்லை 2:14:07]. மின்விசிறி சத்தம், கூட்டத்து இரைச்சல், யார் கேட்பார்கள்? திருத்தப் பட்டியலில் அதற்கு வரி எழுதவில்லை. கார்த்திகா கேட்க வேண்டிய இடங்களின் சீட்டிலும் அதைச் சேர்க்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து அடுத்த சாட்சியைத் திறந்தாள். பத்தொன்பது வருடம் ஒரு சொல்லையும் சுரண்டாத கை அது. அன்றைக்குச் சுரண்டியது.

அடுத்து மூன்று பேர் ஒழுங்காக வந்தார்கள். அதற்கப்புறம் மதகுக் காவலர் மணவாளன். அறுபதைத் தொட்டவர். முன்பல் இல்லை. மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அழுதுகொண்டே பேசியிருந்தார். விசாரணையன்று அவர் பேசியது பின்வரிசைக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. மெஷினுக்கும் எட்டவில்லை. ஆறு நிமிடப் பேச்சுக்கு அது இரண்டே வரி எழுதியிருந்தது. அந்த இரண்டு வரியையும் விசாரணை அதிகாரி பேசியதாக அவர் பெயரில் போட்டிருந்தது. இப்படிப்பட்ட வரிகளைச் சுருக்கம் போடும்போது மெஷின் அலட்டிக்கொள்ளாது. பொருள் இல்லை என்று தள்ளிவிட்டுப் போய்விடும். மணவாளன் என்று ஒருவர் வந்து பேசியதே இல்லை என்றாகிவிடும்.

ஜெசிந்தா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். மூன்று மூன்று விநாடியாகக் கேட்டாள். முதல் சுற்றில் நாலு சொல் கிடைத்தது. இரண்டாம் சுற்றில் புத்தகம் என்று ஒரு சொல். ஷட்டரைத் தூக்கினாலும் இறக்கினாலும் நேரத்தையும் தண்ணீர் அளவையும் எழுதி வைக்கிற புத்தகம் அது. கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்து படிக்கிறார் மனிதர். காகிதம் திருப்பும் சத்தம் கேட்டது. அது தெரிந்த பிறகு பேச்சு மெல்ல மெல்லப் பிடிபட்டது. பதினோராவது சுற்று முடிந்தபோது கீழே பாத்திரக்கடையில் மதியச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தும் சத்தம் வந்தது. அவள் எழுதியிருந்தது இதுதான்:

"எஞ்சினியர் ஐயா ஃபோன்ல தூக்கச் சொன்னாரு. நாலரைக்கு ரெண்டு ஷட்டரும் தூக்கிட்டேன். மைக் ஆட்டோ வந்துச்சான்னு கேட்டேன். வரும், நீ தூக்குன்னாரு. புத்தகத்துல போட்டிருக்கேன் பாருங்க. அப்புறம் டோமினிக் கொட்டா பக்கமா பாலத்துல போனான். ஏய் போவாதன்னு கூவுனேன். மழையில அவன் காதுல வுழல. திரும்பிக்கூட பாக்கல. அதுக்கப்புறந்தான் கோயில் மணி அடிச்சுது. மணி அடிச்சு பத்து நிமிசம் கழிச்சு ஆட்டோ வந்துச்சு. ஆறு பத்து. அதையும் எழுதியிருக்கேன்."

ஆறு பத்துதானா என்ற சந்தேகம் எண் என்பதாலேயே அவளுக்கு வந்தது. ஆனால் அந்த எண்ணுக்கு வேறொரு சாட்சி அந்தப் பேச்சிலேயே இருந்தது. மூன்று வேளையும் ஜெபத்துக்கு அடிக்கும் திரிகால மணியில் காலை மணி. ஆலந்தாங்கல் மாதா கோயிலில் புயலடித்தாலும் கோயில்பிள்ளை சரியாக ஆறுக்கு அடித்துவிடுவார். நரேஷ் கேட்டிருந்தால் மணியைச் சும்மா ஏதோ மணி என்று விட்டிருப்பான். ஜெசிந்தா பிறந்ததிலிருந்து தன் ஊர்க் கோயிலின் காலை மணிக்கு எழுந்து சிலுவை போட்டவள். ஆறு, அப்புறம் பத்து நிமிடம். எண் நின்றது.

டோமினிக் பாலத்தைத் தாண்டியது ஆறுக்கு முன்னால். மைக் வந்தது ஆறு பத்துக்கு. அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவள் மேசை மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கார்த்திகா காபியை வைத்துவிட்டுப் போனாள்.

அழுது தீர்ந்து நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. மணவாளன் ஆறு பத்து என்கிறார். சரி, அதற்கு எதிரே என்ன இருக்கிறது? பொறியாளர் சொன்ன நேரம் தெளிவில்லை என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். நாளைக்கு அவர் எழுந்து, நானும் ஆறு என்றுதான் சொன்னேன், இதில் என்ன முரண் என்பார். அல்லது மணவாளன் பேச்சே குழறல், அதையும் தெளிவில்லை என்று போடுங்கள் என்பார். நாலு மணி என்று அந்த மனிதர் தன் வாயால் சொன்ன பொய் ஒன்றுதான் அவரைக் கட்டிப்போடும் கயிறு. அதை அவிழ்த்துவிட்டது அவள்தான். தம்பிக்காக என்று நினைத்துச் செய்தது, தம்பியைத் தள்ளிவிட்டவருக்கே நிழலாகப் போயிருக்கும்.

அதற்கும் மேலே ஒன்று அவளைச் சுட்டது. மணவாளன் பேசியது இல்லாமலே போயிருந்தாலும் அந்தக் குறி பொய்தான். பேசியவர் பொய் சொன்னால் அது அவர் பொய்; அதைத் திருத்துவது தன் வேலையில்லை. மெஷின் தப்பாகக் கேட்டதை மட்டும்தான் அவள் சரிசெய்ய வேண்டும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாம் மணி பதினான்காம் நிமிடத்துக்குத் திரும்பிப் போனாள். குறியை அடித்தாள். நாலு என்று எழுதினாள். திருத்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தாள்: "2:14:07. தெளிவாகக் கேட்ட இடத்தில் தெளிவில்லை என்று தவறான குறி இடப்பட்டது. குறி நீக்கப்பட்டு நாலு மணி என்ற சொல் மீண்டும் வைக்கப்பட்டது. தவறு திருத்துநருடையது. ஜெ.மே." மெஷினின் தவறு என்று எழுதியிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு கார்த்திகாவைக் கூப்பிட்டு, எதையும் காட்டாமல், இரண்டு இடத்தையும் போட்டுவிட்டாள். கார்த்திகா கண்ணை மூடிக் கேட்டாள். முதல் இடத்துக்கு நாலு என்று சீட்டில் எழுதினாள். இரண்டாவதை ஆறேழு தடவை கேட்டுவிட்டு ஆறு பத்து என்று எழுதினாள்.

"அந்த டோமினிக் அண்ணன் உங்க தம்பியாக்கா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அவரு பேர மெஷின் எழுதியிருந்துச்சா?"

"இல்ல. அவன் பேரே அதுல எங்கயும் இல்ல. நான்தான் எழுதுனேன்."

திருத்தியது எல்லாம் முடிந்து சுருக்கம் போட்டார்கள். மெஷின் வழக்கம்போலச் சமாதானம் செய்து வைத்திருந்தது: "அதிகாலையில் ஒலிபெருக்கி மூலம் எச்சரிக்கை விடப்பட்டது." நாலும் அதிகாலை, ஆறு பத்தும் அதிகாலை, இரண்டு பேர் சண்டையையும் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டது. ஜெசிந்தா அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு இரண்டு வாக்கியம் எழுதினாள். எச்சரிக்கை நாலு மணிக்கு விடப்பட்டதாகப் புகழ்வேந்தன் கூறினார், பதிவு 2:14:07. ஆறு பத்துக்கு ஆட்டோ வந்ததாகவும், அதற்கு முன்பே டோமினிக் பாலத்தைக் கடந்ததாகவும் மதகுப் புத்தகத்தைப் பார்த்து மணவாளன் கூறினார், பதிவு 3:31:40. யார் சொன்னது உண்மை என்று ஒரு சொல் எழுதவில்லை. எழுத ஆசையாகத்தான் இருந்தது. எழுதவில்லை.

செல்வியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. அறிக்கை வரும்வரை இரண்டு வாரமும் தம்பி வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தாள். போனால் வாய் நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

அறிக்கையைப் படித்துக் காட்ட அதே கூடத்தில் கூட்டம் போட்டார்கள். செல்வி மகளையும் அழைத்து வந்திருந்தாள். செல்விக்கும் ஜெசிந்தாவுக்கும் நடுவில் பிள்ளை உட்கார்ந்தது. விசாரணை அதிகாரி அந்த இரண்டு வாக்கியத்தையும், பாலத்தில் போனவனை மணவாளன் கூவியழைத்த இடத்தையும் படித்தார். மதகுப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்ததாகவும், அதில் ஆறு பத்து என்று அன்றைய தேதியிலேயே எழுதியிருப்பதாகவும், எச்சரிக்கை தண்ணீருக்குப் பின்னால்தான் போயிருக்கிறது என்றும் படித்தார். புகழ்வேந்தன் எழுந்தார். தான் நாலு என்று சொல்லவில்லை, எழுதியவர் இறந்தவருக்கு அக்கா, அவர் சேர்த்துக்கொண்டது என்றார்.

கூடமே திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தது.

அதிகாரி காகிதத்தைப் புரட்டி, திருத்தப் பட்டியலிலிருந்து ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். தவறு திருத்துநருடையது, ஜெ.மே. என்பதுவரை படித்தார். "உங்க நாலு மணியை இந்தம்மா முதல்ல எடுத்துட்டாங்க. அப்புறம் அவங்களே திருப்பி வெச்சு, எடுத்தது என் தப்புன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நான் ஒலியையும் கேட்டேன். உட்காருங்க" என்றார்.

ஜெசிந்தாவுக்கு முகம் எரிந்தது. தலைநிமிரவே முடியவில்லை. செல்வி பிள்ளையின் தலைக்கு மேலாக அவள் பக்கம் குனிந்தாள்.

"அண்ணி, அப்போ அவருக்கு யாருமே சொல்லலையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல செல்வி."

"கூப்ட்டதுகூட அவரு காதுல வுழலையா?"

"வுழல."

செல்வி வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு மேலாக அவள் புருஷன் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் அதுவரை நின்றிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜெசிந்தாவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

பிள்ளை அழவில்லை. அத்தையின் கையைப் பிடித்து இழுத்தது.

"அத்த, அந்தக் காகிதம் ஒண்ணு எனக்குக் குடுப்பாங்களா? பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்குனு போவணும்."